பில் போடும்போது தொங்குகிறதா? ஒரு ஹாப்பின் தாமதத்தை அறிகுறியை வைத்துப் பிடிக்கும் வழி

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடை. பில்லிங் சர்வர் இருப்பது கடையில் அல்ல, திருமங்கலத்தில் இருக்கும் அவர்களுடைய ஆபீஸில். இரண்டுக்கும் நடுவே ஒரு தனி லைன் ஓடுகிறது. 10 எம்பிபிஎஸ், முனைக்கு ஒரு ரௌட்டர், பைபரின் நீளம் சுமார் 30 கிலோமீட்டர். கடை ரௌட்டரை விட்டால் அடுத்தது திருமங்கலம் ரௌட்டர்தான், அதாவது ஒரே ஒரு ஹாப். "லைன் ஸ்லோ" என்று அங்கிருந்தும் அதேமாதிரி கடைகளிலிருந்தும் எனக்கு வந்த போன்களுக்குக் கணக்கில்லை. காரணம் ஒவ்வொரு தடவையும் வேறு. ஆனால் எல்லாமே நாலு இடத்தில் ஏதாவது ஒன்றில் போய் முடிந்தன. அந்த நாலையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது என்பதை அறிகுறி வாரியாக எழுதுகிறேன்.

நாலும் எவை என்பதை மார்க்கெட் பாஷையிலேயே சொல்லிவிடலாம். மல்லிகை மூட்டை வந்ததும் சீட்டைப் பார்த்து எந்த வண்டி என்று சொல்வது செயலாக்கத் தாமதம். முன்னால் நிற்கும் மூட்டைகள் ஏறும்வரை காத்துக் கிடப்பது வரிசைத் தாமதம். நம் மூட்டையை வண்டியில் ஏற்றி முடிக்கும் நேரம் அனுப்புகைத் தாமதம். வண்டி கிளம்பித் திருமங்கலம் போய்ச் சேரும் நேரம் பரவல் தாமதம். மூட்டை பெருத்தால் ஏற்றும் நேரம் கூடும், சாலையில் ஓடும் நேரம் மாறாது. ஊர் தள்ளிப்போனால் ஓடும் நேரம் கூடும், ஏற்றும் நேரம் மாறாது. கீழே உள்ள சோதனைகள் எல்லாமே இந்த வித்தியாசத்தை நம்பித்தான் நிற்கின்றன.

## முதலில் நல்ல நாளின் அளவு

லைன் சும்மா இருக்கும் நேரத்தில், நம்ம கடைக்கு மதியம் இரண்டு மணி, இரண்டு பிங் எடுத்து எழுதி வையுங்கள். சின்ன பாக்கெட்டில் ஒன்று, பெரிய பாக்கெட்டில் ஒன்று. கடை ரௌட்டரோடு கேபிளில் இணைத்த லேப்டாப்பிலிருந்து திருமங்கலம் ரௌட்டருக்கு எடுங்கள், நம்ம கடைக்கு அதன் முகவரி 10.10.10.2. வைபையில் எடுத்தால் காற்றில் நடக்கும் மறு அனுப்பல்கள் கணக்கைக் கெடுத்துவிடும்.

```
ping -c 50 10.10.10.2
ping -c 50 -s 1472 10.10.10.2
```

முதலாவது லினக்ஸில் தலைப்பு சேர்த்து 84 பைட், இரண்டாவது 1500 பைட். விண்டோஸில் பெரிய பாக்கெட்டுக்கு `ping -n 50 -l 1472` என்று கொடுக்க வேண்டும். ஆனால் விண்டோஸ் முழு மில்லி வினாடியைத்தான் காட்டும், அதற்குக் கீழே போனால் `time<1ms` என்று நிறுத்திவிடும். 30 கிலோமீட்டர் லைனில் நமக்கு வேண்டிய வித்தியாசமே அந்தப் புள்ளிக்குப் பின்னால்தான் இருக்கிறது. அதனால் லினக்ஸ் லேப்டாப் ஒன்று கையில் இருந்தால் நல்லது.

எவ்வளவு வர வேண்டும் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பெரிய பாக்கெட், ஒரு பக்கம் மட்டும்:

```
அனுப்புகை   = 1500 × 8 / 10,000,000   = 1.20 ms
பரவல்       = 30 km / 200,000 km/s    = 0.15 ms
செயலாக்கம்  = (ரௌட்டருக்கு என் மதிப்பு)  0.05 ms
வரிசை       = (யாரும் இல்லை)            0.00 ms
மொத்தம்                                1.40 ms
```

பைபருக்குள் ஒளி வினாடிக்குச் சுமார் இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடும். அதைத்தான் இங்கே எடுத்திருக்கிறேன். பிங் போய்த் திரும்பும்போது பதிலும் அதே அளவில்தான் வரும், ஆகவே இருமடங்கு, 2.8 மில்லி வினாடி. சின்ன பாக்கெட்டுக்கு அனுப்புகை 0.067 மட்டுமே. மற்றவை அப்படியே இருக்கப் போய்வர 0.53. ஈதர்நெட் சேர்க்கும் சில பைட்டுகளை விட்டுவிட்டேன், அதனால் நிஜத்தில் கொஞ்சம் கூடும். அந்தக் கடையில் எனக்கு 0.6-உம் 2.9-உம் வந்தன. இந்த இரண்டு எண்ணையும் ரௌட்டர் மேலேயே ஸ்டிக்கரில் எழுதி ஒட்டிவிட்டேன். இனி வரும் ஒவ்வொரு அறிகுறியையும் இந்த இரண்டோடு ஒப்பிட்டால் போதும்.

## அறிகுறி 1: சும்மா இருக்கும்போது நன்றாக இருக்கிறது, குறிப்பிட்ட நேரத்தில் மட்டும் தொங்குகிறது

இது வரிசை. எனக்கு வந்த போன்களில் பெரும்பாலானவை இந்த வகை என்பதால் இதில் கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

அந்தக் கடையில் விடியற்காலை நாலரை மணிக்குத்தான் தொல்லை. வியாபாரம் உச்சத்தில் இருக்கும், கணக்குப்பிள்ளை எண்டர் தட்டிவிட்டு ஐந்து வினாடி திரையைப் பார்த்துக்கொண்டு நிற்பார். வரிசையில் நிற்கும் வியாபாரி பொறுக்காமல் கத்துவார், அப்புறம் பில் கையால் எழுதப்படும். நான் பகலில் போய்ப் பார்த்தால் 0.6. மூன்று தடவை பகலில் போய்விட்டு, நாலாவது தடவை நாலு மணிக்கே போய் உட்கார்ந்தேன். 4:25 வரை 0.6. அப்புறம் மூன்றே வினாடியில் 240-க்கு ஏறியது. அதற்கு மேல் ஏறாமல் அங்கேயே நின்றது, நடுநடுவே பிங் பதில் தொலைந்தது.

ஏறி ஓர் உயரத்தில் தட்டிக்கொண்டு நிற்பதும், கூடவே பதில் தொலைவதும், வரிசை நிரம்பி வழிகிறது என்பதற்கு அடையாளம். கணக்கும் அதையே சொன்னது. முன்னால் நிற்கும் ஒவ்வொரு பெரிய பாக்கெட்டும் லைனில் ஏற 1.2 மில்லி வினாடி எடுக்கும். 240-ஐ 1.2-ஆல் வகுத்தால் 200. ரௌட்டரைத் திறந்து பார்த்தேன், வெளியே போகும் போர்ட்டின் வரிசை நீளம் 200 பாக்கெட் என்றே இருந்தது. நம் குட்டிப் பில் பாக்கெட் ஏற 0.1 மில்லி வினாடிகூட வேண்டாம், ஆனால் அதற்கு முன்னால் இருநூறு பேர்.

240 மில்லி வினாடி கால் வினாடிகூட இல்லையே, பில் ஏன் ஐந்து வினாடி தொங்குகிறது? அந்த பில்லிங் மென்பொருள் ஒரு பில்லுக்கு இருபது தடவை சர்வரிடம் போய் வருகிறது. வாடிக்கையாளர் பெயர், பழைய பாக்கி, பூ விலை, கமிஷன் என்று ஒன்று முடிந்தபின் ஒன்று. 20 × 240 என்றால் 4.8 வினாடி. அதே இருபது தடவை 0.6-இல் நடந்தால் 12 மில்லி வினாடி, யாருக்கும் தெரியவே தெரியாது.

சரி, அந்த இருநூறு பேர் யார்? முதலாளி அந்த நேரத்துக்கு எழுந்து, திருமங்கலத்தில் பெரிய டிவியில் கடையின் ஆறு கேமராவையும் போட்டு உட்காருகிறார். ஒரு கேமரா 1.8 எம்பிபிஎஸ். ஆறும் சேர்ந்து 10.8. லைன் 10. கேமராக்கள் யுடிபியில் அனுப்புவதால் வழி அடைத்தாலும் வேகத்தைக் குறைத்துக்கொள்ளாது. வினாடிக்கு 0.8 மெகாபிட், அதாவது 66 பாக்கெட்டுக்கு மேல், வரிசையில் மிஞ்சிக்கொண்டே போகும். 200 நிரம்ப மூன்று வினாடி. நான் பார்த்த அதே மூன்று வினாடி.

சரிசெய்வதில் காசு செலவாகாததிலிருந்து தொடங்குங்கள்.

முதலில் அனுப்புவதைக் குறைக்க முடியுமா என்று பாருங்கள். கேமரா ஒவ்வொன்றிலும் முழுத் தெளிவு ஓட்டத்தோடு சின்ன ஓட்டம் ஒன்றும் இருக்கும், ரெக்கார்டரில் சப் ஸ்ட்ரீம் என்று போட்டிருக்கும். அதற்கு மாற்றினேன். ஒன்று 0.4, ஆறும் 2.4 எம்பிபிஎஸ். "அண்ணே, ஆறு கட்டமும் இப்படியே ஓடட்டும். ஆள் முகம் பார்க்கணும்னா அந்த ஒரு கட்டத்தை மட்டும் பெரிசாக்குங்க, அது மட்டும் தெளிவா மாறும்" என்றேன். ஒத்துக்கொண்டார்.

இங்கே ஒரு ஏமாற்று இருக்கிறது. ஒரே ஒரு கேமராவை அணைத்து ஐந்து ஓடவிட்டாலே 9 எம்பிபிஎஸ்தானே, லைன் 10 தானே, போதாதா என்று தோன்றும். போதாது. கேமரா ஒரே சீராக அனுப்புவதில்லை. ஓரிரு வினாடிக்கு ஒருமுறை முழுப்படம் ஒன்றை மொத்தமாகத் தள்ளும். அது 100 கிலோபைட் என்று வைத்தால் 800,000 பிட், 10 எம்பிபிஎஸ் லைனில் ஏற 80 மில்லி வினாடி. இரண்டு கேமராவின் முழுப்படம் ஒரே நொடியில் வந்தால் 160. அதனால் சராசரி 90 சதவீதம் என்று ரௌட்டரின் வரைபடம் சாந்தமாகக் காட்டும்போதே, பிங் 1-க்கும் 160-க்கும் நடுவே குதிக்கும். ஐந்து நிமிடச் சராசரி வரைபடத்தைப் பார்த்து "லைனில் இடம் இருக்கிறது" என்று முடிவு கட்டாதீர்கள். ஒரு வினாடிக்கு ஒரு பிங் விட்டு ஐந்து நிமிடம் கண்ணால் பாருங்கள்.

இரண்டாவது, வரிசையைப் பிரிப்பது. ரௌட்டர் லினக்ஸ் சார்ந்தது என்றால் ஒரே வரி:

```
tc qdisc replace dev eth1 root cake bandwidth 9500kbit
```

`eth1` என்பது திருமங்கலம் பக்கம் போகும் போர்ட். இது ஒவ்வொரு ஓட்டத்துக்கும் தனி வரிசை போட்டு, முறை வைத்து ஏற்றும். கேமரா நெரித்தாலும் பில் பாக்கெட் அதன் பின்னால் நிற்காது. வழிந்தால் கேமரா படம்தான் உடையும், பில் உடையாது. மறுதொடக்கத்தில் இந்த வரி அழிந்துவிடும், அதனால் தொடக்க நிரலில் சேர்த்துவிடுங்கள். 10-க்குப் பதில் 9.5 கொடுத்ததற்குக் காரணம் உண்டு. பல லைன்களில் போர்ட் 100 அல்லது 1000-இல் ஓடும். 10 என்ற வரம்பை சேவை தருபவர் தன் பெட்டிக்குள் போட்டிருப்பார். அப்போது வரிசை நம் ரௌட்டரில் நிற்காது, அவர் பெட்டியில் நிற்கும், நம்மால் தொட முடியாது. நாமே கொஞ்சம் குறைத்து அனுப்பினால் வரிசை நம் பக்கம் வந்து நிற்கும், அங்கே அதை ஒழுங்குபடுத்தலாம்.

வரிசையைப் பிரித்தாலும் ஒரு பாக்கெட் அளவு காத்திருப்பு போகாது. ஏறத் தொடங்கிவிட்ட பெரிய பாக்கெட் ஏறி முடிக்கத்தான் வேண்டும், பாதியில் இறக்க முடியாது. 10 எம்பிபிஎஸ்ஸில் அது அதிகபட்சம் 1.2 மில்லி வினாடி, கவலையில்லை.

மூன்றாவதுதான் லைனைப் பெரிதாக்குவது. 100 எம்பிபிஎஸ் எடுத்தால் அதே 200 பாக்கெட் வரிசை 24 மில்லி வினாடியில் காலியாகும், 10.8 எம்பிபிஎஸ் கேமராவும் அதை நிரப்பாது. மாத வாடகை கூடும். அந்தக் கடைக்கு அது தேவைப்படவில்லை.

## அறிகுறி 2: சின்ன பிங் நன்றாக இருக்கிறது, பெரிய பிங் மட்டும் மோசம், எந்த நேரத்திலும்

இது அனுப்புகை. எங்கோ ஒரு போர்ட் வேகம் குறைந்து ஓடுகிறது. இரண்டு பிங்கின் வித்தியாசத்தை எடுங்கள். பெரியது சின்னதைவிட 1416 பைட் அதிகம், போய்வர 22,656 பிட். வித்தியாசம் 2.27 மில்லி வினாடி என்றால் வேகம் 10 எம்பிபிஎஸ். 0.23 என்றால் 100. 0.02 அளவில் இருந்தால் 1000. மூன்றும் பத்துப் பத்து மடங்கு தள்ளியிருப்பதால் தடுமாற வாய்ப்பில்லை.

நம் தனி லைன் 10 தான், அதில் 2.27 வருவது சரி. ஆனால் லேப்டாப்பிலிருந்து கடை ரௌட்டருக்கு, அதாவது கல்லாவுக்கு அடியில் ஓடும் கேபிளில், அதே 2.27 வந்தால் கோளாறு. அங்கே 0.02 வர வேண்டும். ஒருமுறை அப்படி வந்தது. வேகத்தைப் பார்த்தேன்:

```
ethtool enp2s0
  Speed: 10Mb/s
  Duplex: Half
```

கேபிளை உருவிப் பார்த்தால் முனையில் இருக்கும் எட்டு ஊசியில் மூன்று பச்சை பூத்திருந்தன. பூ வாடாமல் இருக்கத் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருப்பார்கள், அது கல்லாவின் ஓரமாக வழிந்து சுவிட்ச் பெட்டிக்குள் இறங்கியிருந்தது. முனையை வெட்டிப் புதிதாகப் போட்டு, சுவிட்சைச் சுவரில் மேலே ஏற்றியதும் 1000-க்கு வந்துவிட்டது.

இங்கேயும் மலிவானதிலிருந்து போங்கள். கேபிளைக் கழற்றி மாட்டுங்கள். வேறு கேபிள் போட்டுப் பாருங்கள். வேறு போர்ட்டில் மாட்டிப் பாருங்கள். ஒரு முனையில் வேகத்தைக் கையால் நிலைநிறுத்தி மறுமுனையைத் தானியங்கியில் விட்டிருந்தால் இரண்டையும் தானியங்கிக்கு மாற்றுங்கள். 100-இல் நிலைத்து நிற்கிறதென்றால் நாலு ஜோடிக் கம்பியில் ஒன்றோ இரண்டோ போயிருக்கும். 100-க்கு இரண்டு ஜோடி போதும், 1000-க்கு நாலும் வேண்டும். கடைசியாகத்தான் சுவிட்ச் மாற்றம்.

## அறிகுறி 3: சின்னது, பெரியது இரண்டும் ஒரே அளவு கூடிவிட்டன, நாள் முழுக்க அசையவில்லை

0.6 இருந்தது 9.8 ஆனது, 2.9 இருந்தது 12.1 ஆனது என்று வையுங்கள். இரண்டிலும் 9.2 கூடியிருக்கிறது. பாக்கெட் அளவு எதுவானாலும் ஒரே கூடுதல் என்றால் அது பரவல், வேறு வழியில்லை. வரிசையாக இருந்தால் இரவிலாவது குறையும்.

பைபரில் பிங்கின் ஒவ்வொரு மில்லி வினாடியும் 100 கிலோமீட்டர் தூரம். 9.2 என்றால் ஒரு பக்கத்துக்கு 920 கிலோமீட்டர் கூடுதல். மதுரையிலிருந்து சென்னை சாலை வழி 460 கிலோமீட்டர் அளவில். போய்த் திரும்பினால் கிட்டத்தட்ட அதே எண். மாட்டுத்தாவணியில் கிளம்பிய பாக்கெட் சென்னையைத் தொட்டுவிட்டுத் திருமங்கலம் வருகிறது என்று பொருள். இடையில் எத்தனை ஊர் இருந்தாலும் சேவை தருபவர் அதை ஒரே தனி லைனாகக் கட்டித் தருவதால் `traceroute` அப்போதும் ஒரு ஹாப் என்றே காட்டும். அதைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

பெரும்பாலும் எங்காவது சாலை தோண்டும்போது பைபர் அறுந்து, மாற்று வழியில் திருப்பி விட்டிருப்பார்கள். அறுந்தது சரியான பிறகும் பழைய வழிக்குத் திருப்ப மறந்துவிடுவதும் உண்டு. நம் பக்கம் செய்வதற்கு எதுவுமில்லை. ரௌட்டர் மாற்றினாலும் தீராது, 100 எம்பிபிஎஸ் வாங்கினாலும் 9.2 அப்படியே நிற்கும். நேராக சேவை தருபவரைக் கூப்பிடுங்கள். "ஸ்லோவாக இருக்கிறது" என்று சொல்லாமல், எந்தத் தேதியில் எத்தனை மணிக்கு 0.6 ஒரே படியாக 9.8-க்குத் தாவியது, எந்தப் பாக்கெட் அளவிலும் கூடுதல் அதேதான், வழி மாறியிருக்கிறது என்று சொல்லுங்கள். முதலில் எடுக்கும் ஆளுக்குப் புரியாவிட்டாலும், புகார் மேலே போகும்போது அந்த வரி வேலை செய்யும்.

## அறிகுறி 4: ரௌட்டருக்கு பிங் போட்டால் தாறுமாறு

10.10.10.2-க்கு பிங் 1, 1, 34, 1, 28 என்று குதிக்கிறது. உடனே எதையும் தொடாதீர்கள். அந்த ரௌட்டருக்குப் பின்னால் இருக்கும் சர்வருக்கு, நம் கடைக்கு 192.168.50.10, அதே நேரத்தில் இன்னொரு ஜன்னலில் பிங் விடுங்கள். சர்வர் சீராக இருந்தால் கோளாறே இல்லை. தன்னைக் கடந்து போகும் பாக்கெட்டை ரௌட்டர் உடனே அனுப்பிவிடும். தனக்கே வரும் பிங்குக்குக் கை ஒழிந்தபோதுதான் பதில் சொல்லும். இந்தக் குதிப்பைப் பார்த்து நல்ல ரௌட்டரை மாற்றியவர்களை எனக்குத் தெரியும்.

சர்வருக்கும் சேர்ந்து குதித்தால், லைனில் நெரிசலும் இல்லை என்றால், அது செயலாக்கம். ரௌட்டரில் `top` போட்டு மூளை 100 சதவீதத்தில் நிற்கிறதா பாருங்கள். நான் கண்ட காரணங்களில் முதலாவது, ஒவ்வொரு பாக்கெட்டையும் பதிவு செய்யச் சொல்லி யாரோ எப்போதோ போட்ட பயர்வால் விதி. அதை அணைத்தால் முடிந்தது. இரண்டாவது, சின்ன ரௌட்டரில் ஏற்றிவிட்ட விபிஎன். மூன்றாவது, உள்ளே ஏதோ ஒரு கணினி குட்டிப் பாக்கெட்டுகளாகக் கொட்டுவது. ரௌட்டருக்கு எம்பிபிஎஸ்ஸைவிட எண்ணிக்கைதான் சுமை. 10 எம்பிபிஎஸ்ஸைப் பெரிய பாக்கெட்டில் நிரப்ப வினாடிக்கு 833 போதும், 84 பைட் பாக்கெட்டில் நிரப்ப 14,880 வேண்டும். அத்தனை சீட்டையும் அது படித்தாக வேண்டும். சுவிட்சின் போர்ட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள், எதைக் கழற்றும்போது மூளை இறங்குகிறதோ அந்தக் கணினியில் வைரஸ் பாருங்கள். இவை மூன்றும் இல்லை என்றால்தான் ரௌட்டர் மாற்றம்.

## எப்போது ஆளைக் கூப்பிட வேண்டும்

அறிகுறி 3 என்றால் உடனே. அறிகுறி 2-இல் கோளாறு உங்கள் கேபிளில் இல்லாமல், சேவை தருபவர் வைத்த பெட்டிக்கு அந்தப் பக்கம் என்றாலும் உடனே. பைபர் முனையை நீங்களே துடைக்கவோ வளைக்கவோ போகாதீர்கள், உள்ளே எட்டிப் பார்க்கவும் கூடாது, அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைக் கெடுக்கும். அறிகுறி 1-இல் கேமராவைக் குறைத்து, வரிசையையும் பிரித்த பிறகும் வியாபார நேரத்தில் பிங் 20-க்குக் கீழே வரவில்லை என்றால், ஐந்து நிமிட பிங் பதிவை ஒரு கோப்பில் சேமித்து, வருபவர் கையில் கொடுங்கள்:

```
ping -D -c 300 10.10.10.2 > kaalai.txt
```

`-D` ஒவ்வொரு வரிக்கும் நேரத்தைப் பதியும். அவர் பகலில் வந்து 0.6 பார்த்துவிட்டுத் திரும்பிப் போகாமல் இருக்க அந்தக் கோப்பு வேண்டும்.